பணம் தரும் கருத்துக்கணிப்புகளும் செயலிச் சோதனையும்

இணையத்தில் கேள்விகளுக்கு விடை அளித்தால் சிறு தொகை தரும் தளங்கள் உள்ளன. புதிய செயலிகளையும் வலைத்தளங்களையும் பயன்படுத்திப் பார்த்து, அவற்றின் குறைகளைச் சொன்னால் பணம் தரும் தளங்களும் உள்ளன. முன்னதைப் பணம் தரும் கருத்துக்கணிப்பு என்றும் பின்னதைச் செயலிச் சோதனை என்றும் கூறலாம். பேச்சு வழக்கில் சர்வே வேலை, ஆப் டெஸ்டிங் என்பன இவையே.

இவை உண்மையா, ஏமாற்றா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. உண்மையானவை இருக்கின்றன; அவை சொன்னபடி பணமும் தருகின்றன. ஆனால் அது சம்பளம் என்று சொல்லத்தக்க தொகை அன்று. மேலும், பணத்துக்கு ஈடாக நம்மிடமிருந்து போவது நேரம் மட்டும் அன்று. நம்மைப் பற்றிய தகவலும் போகிறது. இவ்விரண்டையும் எப்படிக் கணக்கிடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

## பணம் எங்கிருந்து வருகிறது

ஒரு பற்பசை நிறுவனம் புதிய சுவையில் ஒரு பசையை வெளியிட நினைக்கிறது என்று கொள்வோம். வாங்கக்கூடியவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய, சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்றிடம் அது பணியை ஒப்படைக்கும். ஆய்வு நிறுவனம் கேள்வித்தாளைத் தயாரிக்கும். ஆனால் விடையளிக்க ஆயிரம் பேர் அதன் கையில் இருக்கமாட்டார்கள். எனவே, ஆட்களைத் திரட்டித் தரும் இணையச் சந்தை ஒன்றில் அது கேள்வித்தாளை இடும். சுவீடனைச் சேர்ந்த சின்ட் இத்தகைய சந்தை நடத்தும் நிறுவனம். அது அமெரிக்காவின் லூசிட் என்ற இன்னொரு சந்தையை 2021இல் விலைக்கு வாங்கியது. அந்தச் சந்தையிலிருந்து கேள்வித்தாள் பல கருத்துக்கணிப்புத் தளங்களுக்குப் போய்ச் சேரும். நாம் பதிவு செய்துகொள்வது இந்தக் கடைசிக் கண்ணியில்தான்.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதே விடையளிப்பவருக்கு வரும். தொகை ஏன் சிறியது என்பதற்கு இது பாதி விடை. மறுபாதி, நாட்டுக்கு நாடு விலை மாறுவது. ஒரே கேள்வித்தாளுக்கு அமெரிக்காவில் இருப்பவருக்குக் கிடைப்பதைவிட இந்தியாவில் இருப்பவருக்குக் குறைவாகவே கிடைக்கும். அமெரிக்கர் ஒருவர் காணொளியில் காட்டும் வருமானத்தைப் பார்த்துவிட்டு இங்கே கணக்குப் போடக் கூடாது.

ஒரே கேள்வித்தாள் பல தளங்களில் தோன்றுவதற்கும் இந்தச் சங்கிலியே காரணம். ஐந்து தளங்களில் பதிவு செய்தால் ஐந்து மடங்கு வேலை வரும் என்பது தவறான எண்ணம். ஒரு தளத்தில் முடித்த கேள்வித்தாளை இன்னொன்றில் திறந்தால், ஏற்கெனவே கலந்துகொண்டவர் என்று அடையாளம் கண்டு வெளியேற்றிவிடுவார்கள்.

## பாதியில் வெளியேற்றப்படுவது ஏன்

புதிதாகச் சேர்பவர்களுக்கு அதிகச் சலிப்பைத் தருவது இதுதான். நான்கு நிமிடம் விடை சொன்ன பிறகு, இந்தக் கணிப்புக்கு நீங்கள் பொருந்தவில்லை என்ற ஒற்றை வரி வந்து நிற்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி அன்று.

எந்தக் கணிப்பும் எல்லாரையும் தேடுவதில்லை. கடந்த ஆறு மாதத்தில் இரு சக்கர வாகனம் வாங்கியவர், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தாய் என்று குறிப்பிட்ட ஆளையே தேடும். முதல் சில கேள்விகள் அந்த ஆளைக் கண்டுபிடிப்பதற்கான தகுதிக் கேள்விகள். தகுதி இருந்தும் வெளியே அனுப்பப்படலாம். 18 முதல் 24 வயது வரையிலான பெண்கள் 50 பேர் போதும் என்று வரையறுத்திருந்தால், 51ஆவது பெண்ணுக்கு இடம் நிரம்பிவிட்டது என்ற செய்திதான் கிடைக்கும். தகுதிக் கேள்விகள் இரண்டு மூன்றுக்குள் முடிந்தால் அது நியாயமான தளம். பத்து நிமிடம் முழுக் கேள்வித்தாளையும் கேட்டு முடித்துவிட்டுப் பொருந்தவில்லை என்று அடிக்கடி சொல்லும் தளத்தை விட்டு விலகுவது நல்லது. அங்கே விடைகளை வாங்கிக்கொண்டு கூலி தராமல் விடுகிறார்கள் என்று ஐயுற இடமிருக்கிறது.

வெளியேற்றப்படுவதைத் தவிர்க்கச் சிலர் பொய் சொல்கிறார்கள். வீட்டில் கார் இருக்கிறது, மாத வருமானம் இரண்டு லட்சம் என்று எழுதினால் கூடுதல் கணிப்புகள் வரும் என்பது அவர்கள் கணக்கு. அது நீண்ட நாள் ஓடாது. பிறந்த ஆண்டை முதலில் கேட்டு, பத்து கேள்விகளுக்குப் பிறகு வயதைக் கேட்பார்கள். இல்லாத ஒரு பிராண்டின் பெயரைப் பட்டியலில் வைத்து, இதை வாங்கியிருக்கிறீர்களா என்பார்கள். இந்த வரியில் மூன்றாவது விடையைத் தேர்ந்தெடுக்கவும் என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கும். படிக்காமல் விரலை ஓட்டுபவர் அங்கே மாட்டிக்கொள்வார். தேர்வுத்தாள் தயாரித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த உத்திகள் புதியவை அல்ல.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணமும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், போலி விடைகளை உண்மையான கணிப்பு முடிவுகளாக விற்றதாக எட்டுப் பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. வழக்கில் சொல்லப்படும் தொகை சுமார் ஒரு கோடி டாலர். கூலிக்கு ஆட்களை வைத்து, வேறு யாரோ போல விடையளிக்கச் செய்ததாக அரசுத் தரப்பு கூறியது. இப்படிப்பட்டவர்களைப் பிடிக்க விரிக்கும் வலையில் நேர்மையானவர்களும் சில வேளை சிக்குகிறார்கள். விபிஎன் போட்டுக்கொண்டு விடையளிப்பவரின் கணக்கு எச்சரிக்கை இன்றி முடக்கப்படுவது இதனால்தான். ஒரே வீட்டில் ஒரே இணைய இணைப்பில் அண்ணனும் தங்கையும் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தாலும் சில தளங்களில் இதே கதிதான்.

## ஒரு வாரக் கணக்கு

என்னிடம் பள்ளியில் படித்து இப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டில் இருக்கும் மாணவி ஒருவர், ஒரு தளத்தில் ஒரு வாரம் செய்ததைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் எழுதும்படி மட்டும் சொல்லியிருந்தேன். அந்தக் குறிப்பு இந்த விஷயத்தைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஏழு நாளில் அவர் திறந்த கேள்வித்தாள்கள் 41. முழுதாக முடித்தவை 9. மீதி 32இல் தகுதி இல்லை என்றோ இடம் நிரம்பியது என்றோ அனுப்பிவிட்டார்கள். முடித்தவற்றுக்குச் செலவான நேரம் 130 நிமிடம். வெளியேற்றப்பட்டவற்றில் போன நேரம் 125 நிமிடம். உள்நுழைவது, பட்டியலைப் பார்ப்பது, பக்கம் திறக்கக் காத்திருப்பது என்று 45 நிமிடம். மொத்தம் சரியாக ஐந்து மணி நேரம்.

ஒரு கணிப்புக்கு 40 சென்ட் வீதம் 9 கணிப்புக்கு 3 டாலர் 60 சென்ட் கணக்கில் ஏறியது. அடுத்த வாரம், தரம் போதவில்லை என்று ஒரு கணிப்பின் 40 சென்ட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியது 3 டாலர் 20 சென்ட். ஒரு டாலர் 85 ரூபாய் என்று கொண்டால் 272 ரூபாய். ஐந்து மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 54 ரூபாய்.

தளத்தின் விளம்பரமோ 15 நிமிடத்துக்கு 40 சென்ட் என்றது. அதன்படி மணிக்கு 136 ரூபாய் வரவேண்டும். விளம்பரம் பொய் சொல்லவில்லை. முடித்த கணிப்புகளின் நேரத்தை மட்டும் எண்ணியது. வெளியேற்றப்பட்ட நேரத்தையும் காத்திருந்த நேரத்தையும் எண்ணினால் தொகை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எந்தத் தளத்தில் சேர்ந்தாலும் முதல் வாரம் இப்படி ஒரு கணக்கு எழுதிப் பார்க்கலாம். கடிகாரத்தைப் பார்த்து எழுதினால் போதும்; நினைவிலிருந்து எழுதினால் வீணான நிமிடங்கள் மறந்துபோகும்.

கணக்கு இதோடு முடியவில்லை. அந்தத் தளத்தில் 10 டாலர் சேர்ந்த பிறகே பணத்தை எடுக்க முடியும். இதே வேகத்தில் போனாலும் நான்காவது வாரத்தில்தான் அது சேரும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வாரத்தில் அதிகக் கணிப்புகள் வருவதும், பிறகு குறைவதும் இயல்பு. பலர் 6 அல்லது 7 டாலரில் சலித்து நிறுத்திவிடுகிறார்கள். நீண்ட நாள் பயன்படுத்தாத கணக்கின் புள்ளிகளைத் தளம் அழித்துவிடும். ஆகவே குறைந்தபட்சத் தொகை எவ்வளவு, புள்ளிகள் எத்தனை மாதத்தில் காலாவதியாகும் என்ற இரண்டையும் பதிவு செய்வதற்கு முன்பே விதிமுறைப் பக்கத்தில் தேடிப் படிக்க வேண்டும்.

பணமாகவா, பரிசு அட்டையாகவா என்பதையும் பார்க்க வேண்டும். பேபால் வழியாக வெளிநாட்டிலிருந்து பணம் பெற நிரந்தரக் கணக்கு எண்ணான பான் தேவை. கட்டணமும் நாணய மாற்றில் கழிவும் உண்டு. சிறு தொகைக்கு இணையக் கடைகளின் பரிசு அட்டையே பெரும்பாலும் இழப்பில்லாதது. கூகுளின் கருத்துக்கணிப்புச் செயலியான கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பிளே ஸ்டோர் இருப்பாக மட்டுமே தருகிறது. அதை வங்கிக்கு மாற்ற முடியாது. ஓராண்டில் காலாவதியும் ஆகிவிடும். கேள்விகள் சில நொடிகளில் முடிந்துவிடும் என்பதும், பாதியில் துரத்துவது குறைவு என்பதும் அதன் நல்ல பக்கம். எந்தக் கடைக்குப் போனீர்கள் என்று கேட்க அது உங்கள் இருப்பிடத் தகவலைப் பயன்படுத்தும் என்பது மறுபக்கம்.

## செயலிச் சோதனையின் வகைகள்

செயலிச் சோதனை என்ற ஒரே பெயரில் மூன்று வேறுபட்ட வேலைகள் வழங்குகின்றன.

முதலாவது, பயன்பாட்டு எளிமைச் சோதனை. ஒரு வலைத்தளத்தைத் திறந்து, சொன்ன பணியைச் செய்துகொண்டே மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுப் பேச வேண்டும். திரையும் குரலும் பதிவாகும். யூசர்டெஸ்டிங் தளத்தில் 20 நிமிடச் சோதனைக்கு 10 டாலர் என்பது நெடுங்காலம் அறியப்பட்ட தொகை. கருத்துக்கணிப்போடு ஒப்பிட்டால் இது பெரிது. ஆனால் இங்கும் தகுதிக் கேள்விகள் உண்டு. ஒரு சோதனைக்குப் பலர் ஒரே நேரத்தில் முந்துவதால் வாரத்துக்கு ஒன்று கிடைப்பதே அரிதாக இருக்கலாம். ஆங்கிலத்தில் தயங்காமல் பேச வேண்டும். சேரும்போது ஒரு மாதிரிச் சோதனை செய்து காட்ட வேண்டும். அதற்குப் பணம் கிடையாது.

இரண்டாவது, வழு கண்டறிதல். யூடெஸ்ட் போன்ற தளங்களில் நாள் கூலி என்பதைவிட, ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒவ்வொரு வழுவுக்கும் இவ்வளவு என்ற முறையே பரவலானது. ஒரே வழுவை இருவர் சொன்னால் முதலில் சொன்னவருக்கே பணம். எனவே அறிக்கை எழுதும் திறமையே இங்கு வருமானத்தைத் தீர்மானிக்கிறது. பணம் செலுத்தும் இடத்தில் செயலி நின்றுவிட்டது என்று எழுதினால் தள்ளுபடி ஆகிவிடும். ஏற்கப்படும் அறிக்கை ஏறக்குறைய இப்படி இருக்கும்: கைப்பேசியின் மாதிரி, ஆண்ட்ராய்டின் பதிப்பு, செயலியின் பதிப்பு ஆகியவை முதலில். பிறகு படிகள்: கூடையில் இரண்டு பொருள்களைச் சேர்த்தேன், ஒன்றை நீக்கினேன், தள்ளுபடிக் குறியீட்டை இட்டேன், திரும்பிச் செல்லும் பொத்தானை அழுத்தி மீண்டும் கூடையைத் திறந்தேன். எதிர்பார்த்தது: ஒரு பொருளின் விலையில் தள்ளுபடி. நடந்தது: நீக்கிய பொருளின் விலையும் மொத்தத்தில் சேர்ந்திருந்தது. ஐந்து முறை செய்து பார்த்ததில் ஐந்து முறையும் நடந்தது. இதனுடன் திரைப்பதிவு ஒன்று. அறிவியல் செய்முறைக் குறிப்பேட்டை ஒழுங்காக எழுதிய மாணவருக்கு இது கைவந்துவிடும். கணினித் துறையில் வேலைக்குப் போக எண்ணுபவருக்கு இந்தப் பழக்கம் கிடைக்கும் டாலரைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து.

மூன்றாவது, மூடிய சோதனை. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கப்பட்ட தனிநபர் உருவாக்குநர் கணக்குகளுக்கு கூகுள் ஒரு விதியைக் கொண்டுவந்தது. செயலியைப் பிளே ஸ்டோரில் வெளியிடும் முன் 20 பேர் தொடர்ந்து 14 நாள் அதன் சோதனையில் இணைந்திருக்க வேண்டும் என்பது விதி. 2024 டிசம்பரில் அது 12 பேராகக் குறைக்கப்பட்டது. இந்த எண்ணிக்கையைத் திரட்டச் சிறு உருவாக்குநர்கள் டெலிகிராம் குழுக்களில் ஆள் தேடுகிறார்கள். சிலர் சிறு தொகையும் தருகிறார்கள். பெயர் கொடுத்தால் நமது ஜிமெயில் முகவரி முன்பின் தெரியாத ஒருவரின் பட்டியலில் சேரும் என்பதை மறக்கக் கூடாது.

உண்மையான மூடிய சோதனையை அடையாளம் காண ஒரு வழி உண்டு. அதன் இணைப்பு இவ்வாறு தொடங்கும்:

```
https://play.google.com/apps/testing/
```

அதைத் திறந்து ஒப்புதல் தந்தபின், செயலி பிளே ஸ்டோரிலிருந்தே நிறுவப்படும். ஐபோனில் இதே பணியை ஆப்பிளின் டெஸ்ட்ஃபிளைட் செயலி செய்கிறது. அதன் பொது இணைப்பு testflight.apple.com என்று தொடங்கும். சோதனைக்கு என்று சொல்லி வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ .apk என்று முடியும் கோப்பை ஒருவர் அனுப்பினால் அது இந்த வழி அன்று. அதை நிறுவக் கூடாது. முகவரி சரியாக இருப்பதாலேயே செயலி நல்லது என்றும் முடிவு கட்ட முடியாது. சோதனைப் பதிப்புகள் கடைப் பதிப்புகளைப் போல முழுமையாகச் சோதிக்கப்படுவதில்லை. ஏமாற்றுக்காரர்கள் டெஸ்ட்ஃபிளைட்டையும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

## கூலி தந்து தகவல் திரட்டிய இரண்டு நிகழ்வுகள்

தகவலை ஏன் இவ்வளவு காக்க வேண்டும் என்பதற்கு, உலகறிந்த நிறுவனங்கள் தொடர்புடைய இரண்டு நிகழ்வுகளைப் பார்க்கலாம்.

2014இல் ஆளுமைத் தேர்வு ஒன்று கருத்துக்கணிப்புத் தளங்கள் வழியாகப் பரப்பப்பட்டது. விடையளித்தவர்களுக்குச் சில டாலர் கூலி. தேர்வை முடிக்க ஃபேஸ்புக் கணக்கால் ஒரு செயலிக்குள் நுழைய வேண்டும். அந்தச் செயலியை நிறுவியவர்கள் சுமார் 2,70,000 பேர். ஃபேஸ்புக் அக்காலத்தில் அனுமதித்திருந்தபடி, செயலி அவர்களது நண்பர்களின் தகவலையும் எடுத்துக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்கள் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று 2018இல் ஃபேஸ்புக் அறிவித்தது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் என்று செய்திகளில் வந்தது இதுதான். இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர்; அவர்களையும் சேர்த்துப் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர் என்றது நிறுவனம். கூலி வாங்கியவர் தம் தகவலை விற்றார் என்று சொல்லலாம். நண்பர்களின் தகவலை விற்க அவருக்கு யார் உரிமை தந்தது?

இரண்டாவது நிகழ்வு செயலிச் சோதனை சார்ந்தது. ஃபேஸ்புக் ரிசர்ச் என்ற செயலியைக் கைப்பேசியில் நிறுவி வைத்திருப்பவர்களுக்கு மாதம் 20 டாலர் வரை தரப்படுகிறது என்று 2019 ஜனவரியில் டெக்கிரஞ்ச் இதழ் வெளியிட்டது. சேர்க்கப்பட்டவர்களின் வயது 13 முதல் 35. செயலிச் சோதனைத் தளங்கள் வழியாகவே ஆட்கள் திரட்டப்பட்டார்கள். அந்தச் செயலி ஒரு விபிஎன். அதனுடன் வேர்ச் சான்றிதழ் ஒன்றையும் நிறுவச் சொன்னார்கள்.

வேர்ச் சான்றிதழ் என்றால் என்ன என்று புரிந்துகொள்வது முக்கியம். நாம் ஒரு தளத்துக்கு அனுப்பும் தகவல் பூட்டிய பெட்டியில் போகிறது. நடுவில் இருப்பவரால் திறக்க முடியாது. பெட்டி உரிய தளத்துக்குத்தான் போகிறதா என்பதை, கைப்பேசியில் உள்ள நம்பகமானோர் பட்டியலைக் கொண்டு கைப்பேசி சரிபார்க்கிறது. அந்தப் பட்டியலில் புதிதாக ஒருவரைச் சேர்ப்பதே வேர்ச் சான்றிதழ் நிறுவுதல். விபிஎன் மூலம் எல்லாப் பெட்டிகளும் அவர் வழியாகப் போகும். சான்றிதழின் பலத்தில் அவற்றில் பெரும்பாலானவற்றைத் திறந்து பார்க்கவும் அவரால் முடியும்.

பங்கேற்றவர்கள் ஒப்புதல் தந்தே சேர்ந்தார்கள் என்று ஃபேஸ்புக் விளக்கம் தந்தது. நிறுவனத்தின் உள் உபயோகத்துக்கான சான்றிதழைப் பொதுமக்களிடம் பயன்படுத்தியதாகக் கூறி, ஆப்பிள் அந்தச் சான்றிதழை ரத்து செய்தது. சுமார் 1,87,000 பயனர்களின் தகவல் திரட்டப்பட்டதாகவும், அவர்களில் 31,000 பேர் அமெரிக்கர், மற்றவர்கள் இந்தியர் என்றும் அந்த ஆண்டு ஜூனில் தெரியவந்தது. ஒப்புதல் வாங்கினார்கள் என்பது சரி. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வேர்ச் சான்றிதழ் என்றால் என்ன என்று யார் விளக்கினார்கள் என்பதுதான் எனக்கு எழும் கேள்வி.

## எதைத் தரலாம், எதைத் தரக்கூடாது

வயது, பாலினம், ஊர், படிப்பு, கைப்பேசி மாதிரி, வருமான வரம்பு ஆகியவற்றைக் கருத்துக்கணிப்புத் தளம் கேட்பது இயல்பு. இவை இல்லாமல் அதனால் ஆட்களைப் பிரிக்க முடியாது. நோய், சாதி, மதம், வாக்களித்த கட்சி பற்றிய கேள்விகளும் வரும். சொல்ல விரும்பவில்லை என்ற விடை இருந்தால் தயங்காமல் அதைத் தேர்ந்தெடுக்கலாம். வீட்டில் யாருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டால், அது விடையளிப்பவரின் தகவல் அன்று, தாத்தாவின் தகவல். 40 சென்ட்டுக்காக அதை எழுதும் முன் ஒரு நொடி நிற்க வேண்டும்.

ஆதார் அட்டையின் படம், வங்கிக் கடவுச்சொல், அட்டையின் பின்புற மூன்று இலக்க எண், ஓடிபி ஆகியவற்றை எந்தக் கருத்துக்கணிப்பும் கேட்கத் தேவையில்லை. பதிவின்போது கைப்பேசி எண்ணைச் சரிபார்க்க வரும் ஓடிபியைத் தளத்தின் பக்கத்தில் நாமே இடுவது வேறு; தொலைபேசியில் ஒருவர் கேட்டுச் சொல்வது வேறு. சோதனைத் தளங்கள் சில, பணம் தரும் கட்டத்தில் அடையாளச் சான்று கேட்பதுண்டு. அப்போதும் ஆதாரைத் தவிர்த்து வேறு சான்று ஏற்கப்படுமா என்று பார்க்க வேண்டும். ஆதார் மட்டும்தான் என்றால் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட பதிப்பை ஆதார் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.

இந்த வேலைக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி ஒன்றை உருவாக்கி, வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை அதற்கு வைப்பது மிக எளிய பாதுகாப்பு. ஃபேஸ்புக் வழியாக நுழைக என்ற பொத்தானைத் தொடாமல், இந்த மின்னஞ்சலால் பதிவு செய்ய வேண்டும். பிற்காலத்தில் விளம்பர அஞ்சல்கள் குவிந்தால் அந்த முகவரியையே மூடிவிடலாம்.

திரைப்பதிவு செய்யும் சோதனைகளில் வேறு வகை ஆபத்து உண்டு. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது திரையின் மேற்பகுதியில் வங்கிக் குறுஞ்செய்தி வந்தால் அதுவும் பதிவாகிவிடும். தொடங்கும் முன் அறிவிப்புகளை நிறுத்தி வைக்க வேண்டும். படிவங்களில் உண்மையான முகவரியை எழுதாமல் சோதனைக்கென்று தரப்பட்ட தகவலையே இட வேண்டும். சொந்த வங்கி அட்டையை எப்போதும் பயன்படுத்தக் கூடாது. பின்னணியில் வீட்டார் பேசும் குரலும் பதிவாகும் என்பதால் தனியறை நல்லது. வீட்டில் பழைய கைப்பேசி ஒன்று சும்மா கிடந்தால், அதிலுள்ள அனைத்தையும் அழித்து, புதிய மின்னஞ்சலை மட்டும் இட்டுச் சோதனைக்கென்றே வைத்துக்கொள்ளலாம்.

நிறுவிய செயலி எதையெல்லாம் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். கடைச் செயலி ஒன்றைச் சோதிக்கக் குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதி தேவையில்லை. அணுகல்தன்மை எனப்படும் Accessibility அனுமதியைக் கேட்டால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அது பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவும் நல்ல வசதிதான், ஆனால் அதைப் பெற்ற செயலி திரையில் உள்ளதைப் படிக்கவும் நம் சார்பில் பொத்தான்களை அழுத்தவும் முடியும். திரையின் மேல்விளிம்பில் சிறு சாவிக் குறி தெரிந்தால் ஏதோ ஒரு விபிஎன் ஓடுகிறது என்று பொருள்.

18 வயது நிறையாதவர்கள் இதில் இறங்காதிருப்பதே சரி. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அண்ணனின் பெயரில் தம்பி விடையளிப்பது தள விதிகளையும் மீறுவதாகும். பணம் எடுக்கும் நேரத்தில் அது வெளிப்பட்டுக் கணக்கு முடங்கும்.

## வேலை என்ற பெயரில் வரும் மோசடி

உண்மையான தளங்கள் ஆள் தேடி வாட்ஸ்அப்பில் வருவதில்லை. மோசடிக்காரர்கள் வருவார்கள். காணொளிக்கு விருப்பக்குறி இடுவது, விடுதிக்கு மதிப்பெண் தருவது, செயலியை மதிப்பிடுவது என்று எளிய பணி ஒன்றைச் சொல்வார்கள். முதல் நாள் 150 அல்லது 200 ரூபாய் உண்மையாகவே வங்கிக் கணக்கில் வந்து சேரும். நம்பிக்கையை வாங்குவதற்கான செலவு அது. பிறகு டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். அங்கே பெரும் தொகை பெற்றதாகப் பலர் படம் போடுவார்கள்; அவர்கள் எல்லாரும் மோசடிக் குழுவின் ஆட்களே. அடுத்து, 1,000 ரூபாய் முன்பணம் கட்டினால் 1,300 ரூபாய் என்பார்கள்; அதுவும் கிடைக்கும். பிறகு 5,000, 20,000 என்று ஏறும். திரையில் இலாபம் ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்கப் போனால், வரி கட்டு, தவறாகச் செய்த பணிக்கு அபராதம் கட்டு என்பார்கள்.

வேலை செய்பவர் வேலை தருபவருக்குப் பணம் கட்டும் இடத்திலேயே இது வேலை அன்று என்று தெரிந்துவிடுகிறது. அது பதிவுக் கட்டணமாகவே இருந்தாலும் கட்டக் கூடாது. வங்கிக் கணக்கைச் சில நாள் பயன்படுத்தக் கொடுத்தால் தரகு தருகிறோம் என்பது இதன் இன்னொரு வடிவம். வேறொருவரிடம் திருடிய பணம் அந்தக் கணக்கு வழியாக ஓடும். காவல்துறை முதலில் வருவது கணக்கு உரியவரின் வீட்டுக்கு.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிப் போவதற்குள் தகவல் கொடுத்தால் இடையில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் கழித்துச் சொல்பவர்களே அதிகம் இழக்கிறார்கள். பரிவர்த்தனை எண், பேசிய எண்கள், குழுவின் பெயர், திரைப்படங்கள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

## விலகும்போது

செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்குவதால் கணக்கு மூடப்படாது. நாம் தந்த தகவல் அங்கேயே இருக்கும். முதலில் மிஞ்சிய தொகையை எடுத்துவிட வேண்டும், ஏனெனில் கணக்கை மூடினால் புள்ளிகள் போய்விடும். பிறகு தளத்தின் அமைப்புப் பக்கத்தில் கணக்கை நீக்கும் வசதியைத் தேடலாம். இல்லையெனில், பதிவு செய்த அதே மின்னஞ்சலிலிருந்து, என் கணக்கையும் என்னைப் பற்றிய தகவலையும் அழித்து உறுதிப்படுத்துக என்று எழுதலாம். மூடிய சோதனையில் சேர்ந்திருந்தால் சேர்ந்த அதே இணைப்பைத் திறந்து, சோதனையிலிருந்து விலகும் பொத்தானை அழுத்த வேண்டும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் எந்தெந்தச் செயலிகளுக்கு அணுகல் தந்திருக்கிறோம் என்ற பட்டியல் இருக்கும். நினைவில் இல்லாத பெயர் அதில் இருந்தால் அணுகலை நீக்கிவிடலாம்.